பிரபஞ்சத்துக்கு வயசு 1,380 கோடி ஆண்டுகள்தான்.. அப்போ 1,400 கோடி ஒளி ஆண்டு தள்ளியிருக்கும் கேலக்ஸி நமக்குத் தெரிவது எப்படி?

ஓசூரிலிருந்து கர்நாடக எல்லையைத் தாண்டி, அத்திப்பள்ளி, சர்ஜாப்பூர் வழியாக வடக்கே போனால் ஹோஸ்கோட்டை வரும். டிராஃபிக்கில் சிக்கினால் நேரம் கூடும், மற்றபடி பக்கத்து ஊர்தான். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வளாகம் ஒன்று அங்கே இருக்கிறது. லடாக்கின் ஹான்லேயில் இருக்கும் தொலைநோக்கியை இங்கிருந்தபடியே செயற்கைக்கோள் இணைப்பு மூலம் இயக்குகிறார்கள். இந்தியாவின் முதல் விண்வெளி ஆய்வகமான ஆஸ்ட்ரோசாட்டில் இருக்கும் புற ஊதா தொலைநோக்கியை ஒன்றுசேர்த்து, சோதித்துப் பார்த்ததும் இங்கேதான்.

அந்தத் தொலைநோக்கி 2016 அக்டோபரில் வானத்தின் ஒரு சிறிய துண்டை 28 மணி நேரத்துக்கும் மேல் பார்த்தது. அதில் பதிவான மிக மங்கலான ஒளி ஒன்றை, புனேயில் உள்ள ஐயூகா மையத்தைச் சேர்ந்த கனக் சாஹா தலைமையிலான குழு நீண்ட நாள் சரிபார்த்து, 2020 ஆகஸ்டில் 'நேச்சர் அஸ்ட்ரானமி' இதழில் வெளியிட்டது. அந்த ஒளியை அனுப்பிய கேலக்ஸிக்கு ஏ.யு.டி.எஃப்.எஸ்-01 என்று பெயர்.

'பூமியிலிருந்து 930 கோடி ஒளி ஆண்டு தொலைவில் கேலக்ஸி கண்டுபிடிப்பு'. அப்போது செய்திகள் இப்படித்தான் வந்தன. இதில் 930 கோடி என்ற எண் சரி. ஆனால் அது தொலைவு இல்லை, காலம். அந்த ஒளி கிளம்பி நம்மிடம் வந்து சேர 930 கோடி ஆண்டுகள் ஆயின. இன்றைய தேதியில் அந்த கேலக்ஸி இருக்கும் தொலைவு சுமார் 1,400 கோடி ஒளி ஆண்டு.

இங்கேதான் எல்லோருக்கும் இடிக்கும். ஒளி ஒரு வருடத்தில் கடக்கும் தூரம்தான் ஒரு ஒளி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள். அது பிறந்த நொடியிலேயே கிளம்பியிருந்தாலும் ஒளியால் 1,380 கோடி ஒளி ஆண்டுக்கு மேல் ஓடியிருக்க முடியாதே? அப்புறம் 1,400 கோடி எப்படி வந்தது?

இது சும்மா ஒரு கேலக்ஸியின் கணக்கு இல்லை. நம்மால் பார்க்க முடிகிற பிரபஞ்சத்தின் விளிம்பு ஒவ்வொரு திசையிலும் சுமார் 4,650 கோடி ஒளி ஆண்டு தள்ளி இருக்கிறது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அளந்தால் 9,300 கோடி. (மேலே வந்த 930 கோடியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு பூஜ்யம்தான் வித்தியாசம், ஆனால் இரண்டும் வேறு வேறு விஷயங்கள்.) 1,380 கோடி வயதுக்கு 4,650 கோடி ஆரம் எப்படி என்பதும் அதே கேள்விதான்.

கிருஷ்ணகிரி டூ ஓசூர்: நீளும் சாலை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு சுமார் 50 கிலோமீட்டர். ஒரு லாரி மணிக்கு 50 கி.மீ. வேகத்தில், கூட்டாமல் குறைக்காமல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக ஒரு மணி நேரத்தில் ஓசூர் வந்துவிடும்.

இப்போது சாலையை ரப்பராக நினைத்துக்கொள்ளுங்கள். லாரி அரை மணி நேரம் ஓடி, பாதி தூரமான 25 கி.மீ. கடந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து சாலை மொத்தமும் இரண்டு மடங்காக நீள்கிறது. லாரிக்கு முன்னால் இருந்த 25 கி.மீ. இப்போது 50 ஆகிவிட்டது. டிரைவர் அதை ஓட்டித்தான் ஆக வேண்டும், இன்னொரு மணி நேரம் ஆகும். பின்னால் விட்டு வந்த 25 கி.மீட்டரும் 50 ஆகிவிட்டது. ஆனால் அந்த நீட்சிக்காக அவர் ஒரு சொட்டு டீசல்கூட செலவழிக்கவில்லை.

லாரி ஓசூர் வந்து சேருகிறது. ஓனர் கேட்கிறார், "எவ்ளோப்பா ஓடுச்சு?" டிரைவர் மீட்டரைப் பார்த்துச் சொல்கிறார், "75 கிலோமீட்டர்ணே." அவர் பொய் சொல்லவில்லை, வேகத்தையும் மீறவில்லை. ஆனால் அந்த நேரத்தில் கிருஷ்ணகிரி இருப்பது 100 கி.மீ. தொலைவில்.

ஆக ஒரே பயணத்துக்கு மூன்று எண்கள் கிடைக்கின்றன. கிளம்பும்போது இருந்த தூரம் 50. லாரி உண்மையில் ஓடியது 75. வந்து சேர்ந்தபோது ஊருக்கு ஊர் தூரம் 100. லாரி ஓடிய தூரம் எப்போதுமே மற்ற இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். முன்னால் நீண்ட சாலையை மட்டும்தான் மீட்டர் கணக்கில் எடுக்கும், முதுகுக்குப் பின்னால் நீண்டது அதற்குத் தெரியாது.

நம் கேலக்ஸிக்கும் இதே மூன்று எண்கள் இருக்கின்றன. ஒளி கிளம்பியபோது அது நம்மிடமிருந்து சுமார் 580 கோடி ஒளி ஆண்டு தொலைவில் இருந்தது. ஒளி ஓடியது 930 கோடி. இன்றைக்கு இடையில் இருப்பது 1,400 கோடி. ஒளி தன் வேகத்தை ஒரு இடத்திலும் மீறவில்லை. மீட்டரில் 930 கோடிதான் ஏறியிருக்கிறது, அது பிரபஞ்சத்தின் வயதைவிடக் குறைவுதான். மீதி தூரம் ஒளிக்குப் பின்னால் வெளியே நீண்டதால் வந்தது.

பிரபஞ்சம் விரிகிறது என்றால் கேலக்ஸிகள் ராக்கெட் மாதிரி வெற்றிடத்துக்குள் பறந்து போகின்றன என்று அர்த்தமில்லை. இடையில் இருக்கும் வெளிதான் கூடுகிறது. கிருஷ்ணகிரி நகரவில்லை, நடுவில் இருக்கும் சாலை நீண்டது.

எத்தனை மடங்கு நீண்டது என்று எப்படித் தெரியும்?

சாலையில் ஆள் வைத்து அளக்க முடியாது. ஆனால் வந்த ஒளியிலேயே அளவு பதிந்திருக்கிறது. வெளி நீளும்போது, அதன் வழியே வரும் ஒளி அலையும் அதே விகிதத்தில் நீள்கிறது. ரப்பர் பட்டையில் பேனாவால் அலை ஒன்று வரைந்து இழுத்துப் பார்த்தால் புரியும்.

ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளியை விடும். உதாரணமாக ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு ஆய்வகத்தில் 656 நானோமீட்டரில் இருக்கும். இந்த கேலக்ஸியின் தூரத்திலிருந்து வரும்போது அது சுமார் 1,590 நானோமீட்டருக்கு நீண்டுவிடும். அதாவது கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, அகச்சிவப்பாக மாறிவிடுகிறது. இரண்டையும் வகுத்தால் 2.42 வரும். ஒளி கிளம்பியதிலிருந்து இன்றுவரை பிரபஞ்சம் 2.42 மடங்கு விரிந்திருக்கிறது. 580 கோடியை 2.42-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,400 கோடி வரும். வானியலாளர்கள் இந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, 1.42 என்று சொல்வார்கள். 'சிவப்புப் பெயர்ச்சி' என்பது இதுதான்.

ஹோஸ்கோட்டையில் தயாரான தொலைநோக்கிக்கு இந்த கேலக்ஸி தெரிந்ததற்கும் இந்த நீட்சிதான் காரணம். கேலக்ஸியிலிருந்து கிளம்பியபோது அந்த ஒளியின் அலைநீளம் சுமார் 60 நானோமீட்டர். அவ்வளவு சிறிய அலையை ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதா தொலைநோக்கியால் பார்க்கவே முடியாது, அதன் எல்லை சுமார் 130 நானோமீட்டரில்தான் தொடங்குகிறது. வழியில் 2.42 மடங்கு நீண்டு சுமார் 150-க்கு வந்ததால்தான் அது கருவியில் விழுந்தது. அந்தப் புற ஊதா ஒளியையும் தரையிலிருந்து பார்க்க வழியில்லை, நம் காற்று மண்டலம் விழுங்கிவிடும். அதனால்தான் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதை மேலே அனுப்ப வேண்டியிருந்தது.

'வெளியெல்லாம் நீளவில்லை, நெடுந்தூரம் வந்த களைப்பில் ஒளி சக்தி இழந்துதான் அலை நீண்டிருக்கும்' என்று ஒரு காலத்தில் சிலர் வாதிட்டார்கள். அதைத் தீர்த்து வைத்தது சூப்பர்நோவா. ஒருவகை நட்சத்திர வெடிப்பு குறிப்பிட்ட நாட்களில் பிரகாசமாகி, குறிப்பிட்ட நாட்களில் மங்கும். பக்கத்தில் நடக்கும் வெடிப்பில் அதற்கு 20 நாள் ஆகிறது என்றால், அலை இரண்டு மடங்கு நீண்டு வரும் தூரத்து வெடிப்பில் அதே மாற்றம் 40 நாள் எடுக்கிறது. படத்தை ஸ்லோ மோஷனில் ஓட்டுவது மாதிரி. ஒளி வெறுமனே களைத்திருந்தால் நிறம் மாறலாம், நாட்கள் கூடாது. முதல் நாள் கிளம்பிய ஒளிக்கும் இருபதாம் நாள் கிளம்பிய ஒளிக்கும் நடுவில் இருந்த வெளியே நீண்டிருந்தால்தான் இப்படி நடக்கும்.

அப்போ ஒளியைவிட வேகமாக விலகுதா?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இன்றைய நிலவரப்படி, ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளி ஆண்டு தூரத்துக்கும் விலகும் வேகம் நொடிக்கு சுமார் 70 கி.மீ. கூடுகிறது. 1,400 கோடியில் 32.6 லட்சம் ஏறக்குறைய 4,300 முறை அடங்கும். 4,300-ஐ 70-ஆல் பெருக்கினால் நொடிக்கு மூன்று லட்சம் கி.மீ. அதாவது ஒளியின் வேகம். நம் கேலக்ஸி சரியாக அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது. அதற்கும் அப்பால் இருப்பவை எல்லாம் ஒளியைவிட வேகமாக நம்மை விட்டு விலகுகின்றன.

ஐன்ஸ்டீன் போட்ட வேகத்தடை என்ன ஆனது என்று கேட்கலாம். வெளிக்குள் ஓடும் பொருள் எதுவும் தன் பக்கத்தில் ஓடும் ஒளியை முந்த முடியாது என்பதுதான் அந்தத் தடை. இங்கே எந்த கேலக்ஸியும் பக்கத்து ஒளியை முந்தவில்லை. ஒவ்வொரு கிலோமீட்டரும் கொஞ்சம் கொஞ்சமாக நீள்வதால், கோடிக்கணக்கான கிலோமீட்டர் சேரும்போது மொத்த வேகம் பெரிதாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

இதைவிட ஆச்சரியமான கணக்கு ஒன்று இருக்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டுபிடித்து 2024-ல் அறிவிக்கப்பட்ட ஒரு கேலக்ஸியின் ஒளி சுமார் 15 மடங்கு நீண்டு வந்திருக்கிறது. இன்று அது 3,300 கோடி ஒளி ஆண்டுக்கும் மேல் தள்ளி இருக்கிறது. ஒளி கிளம்பியபோது எவ்வளவு தூரத்தில் இருந்தது? 15-ஆல் வகுத்தால் சுமார் 220 கோடி. ஆஸ்ட்ரோசாட் பார்த்த கேலக்ஸியோ அதன் ஒளி கிளம்பியபோது 580 கோடியில் இருந்தது. அதாவது, இன்று ரொம்ப தூரத்தில் இருப்பது அன்று ரொம்பப் பக்கத்தில் இருந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தும் அதன் ஒளி வந்துசேர அதிக காலம் பிடித்திருக்கிறது.

திரும்பவும் லாரிக்கு வருவோம். 50 கி.மீ. சாலையில் முதல் 25-ஐக் கடந்ததும் சாலை இரண்டு மடங்கு இல்லை, மூன்று மடங்கு நீள்கிறது என்று வைப்போம். முன்னால் இருந்த 25 இப்போது 75 ஆகிவிடும். ஓசூருக்கு 50 கி.மீ. இருக்கும்போது கிளம்பிய டிரைவர், அரை மணி நேரம் ஒழுங்காக ஓட்டிய பிறகு ஓசூரிலிருந்து 75 கி.மீ. தள்ளி நிற்கிறார்! ஆரம்ப காலப் பிரபஞ்சத்தில் இப்படித்தான் நடந்தது. அப்போது விரிவு வேகமாக இருந்ததால், நம்மை நோக்கி வந்த ஒளி முதலில் நம்மை விட்டு விலகிப் போனது. பொருட்களின் ஈர்ப்பு விசையால் விரிவின் விகிதம் மெல்லக் குறைந்த பிறகுதான் அது நெருங்கத் தொடங்கியது. இன்று நம்மை வந்தடையும் மிகப் பழைய ஒளியெல்லாம் பிரபஞ்சத்துக்கு சுமார் 400 கோடி வயதாகும்வரை விலகிப் போய், அதன் பிறகு திரும்பியவைதான். நம் கேலக்ஸியின் ஒளி கிளம்பியது அதற்குக் கொஞ்சம் பின்னால், பிரபஞ்சத்துக்கு 450 கோடி வயதில். அதனால் அது பின்னுக்குப் போகாமல் தப்பித்தது.

விளிம்பில் என்ன தெரிகிறது?

இந்தக் கணக்கைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் ஒளி முடிந்துவிடும். பிரபஞ்சம் பிறந்து முதல் 3,80,000 ஆண்டுகள் அது சூடான மூட்டமாக இருந்தது, ஒளியால் நேராகப் போக முடியாது. மூட்டம் விலகியதும் கிளம்பிய ஒளி இன்றும் நம்மிடம் வந்துகொண்டிருக்கிறது, மைக்ரோவேவாக. கேபிள் வருவதற்கு முன் ஆன்டெனா டிவியில் சேனல் இல்லாத இடத்தில் புள்ளி புள்ளியாக ஓடுமே, அதில் ஒரு சிறு பங்கு இந்த ஒளிதான்.

அந்த ஒளி கிளம்பிய இடம் அப்போது நம்மிடமிருந்து வெறும் 4.2 கோடி ஒளி ஆண்டு தொலைவில் இருந்தது. அதன்பின் பிரபஞ்சம் விரிந்தது சுமார் 1,090 மடங்கு. பெருக்கினால் ஏறக்குறைய 4,600 கோடி. மூட்டம் விலகுவதற்கு முந்தைய காலத்தையும் சேர்த்தால் 4,650 கோடி. பாடப்புத்தகங்களிலும் வீடியோக்களிலும் வரும் அந்தப் பெரிய எண் இப்படித்தான் கிடைக்கிறது. 1,380 கோடியை இரண்டால் பெருக்கி 'பிரபஞ்சத்தின் அகலம் 2,760 கோடி' என்று சில இடங்களில் போடுகிறார்கள். அது லாரி மீட்டரைப் பார்த்து ஊர் தூரம் சொல்வது போன்றது.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2.42 என்பது நேரடியாக அளந்த எண், அதில் சர்ச்சை இல்லை. 930 கோடி, 1,400 கோடி ஆகியவை அதிலிருந்து கணக்கிட்டவை. இன்றைய விரிவு வேகம் நொடிக்கு 67 கி.மீ.யா, 73 கி.மீ.யா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் உடன்பாடு வரவில்லை. அது மாறினால் இந்த எண்கள் சில சதவீதம் கூடலாம், குறையலாம். அதனால்தான் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒளி ஆண்டே இருக்காது, சிவப்புப் பெயர்ச்சியை மட்டும் போடுவார்கள். செய்தியாக எழுதும்போதுதான் அதை ஒளி ஆண்டாக மாற்றுகிறோம், தவறும் அங்கேதான் நுழைகிறது.

அப்படியென்றால் நிஜமான கிருஷ்ணகிரி-ஓசூர் சாலையும் நீள்கிறதா? இல்லை. பூமி, சூரியக் குடும்பம், நம் பால்வெளி எல்லாம் ஈர்ப்பு விசையாலும் அணுக்களின் பிடிப்பாலும் கட்டுண்டு கிடக்கின்றன. பக்கத்து ஆண்ட்ரோமெடா கேலக்ஸி விலகுவதற்குப் பதில் நம்மை நோக்கித்தான் வருகிறது. விரிவு என்பது கேலக்ஸிக் கூட்டங்களுக்கு நடுவில் உள்ள பெரும் வெளியில் நடப்பது.

ஆஸ்ட்ரோசாட் படம் பிடித்த கேலக்ஸி இப்போது எப்படி இருக்கும் என்று யாரும் பார்த்ததில்லை. நாம் பார்ப்பது 930 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அதன் முகத்தை. இன்று ராத்திரி அங்கிருந்து கிளம்பும் ஒளி நம் இடத்துக்கு என்றாவது வருமா? வரும். விரிவு இப்போது மீண்டும் வேகமெடுத்து வருவதால், இன்று கிளம்பும் ஒளி நம்மை அடைவதற்கான எல்லை சுமார் 1,650 கோடி ஒளி ஆண்டு. 1,400 கோடியில் இருக்கும் இந்த கேலக்ஸி அதற்குள் இருக்கிறது. 3,300 கோடிக்கு அப்பால் இருக்கும் ஜேம்ஸ் வெப்பின் கேலக்ஸி இல்லை. அதன் பழைய ஒளி மட்டும்தான் நமக்கு, இன்று அங்கே என்ன நடந்தாலும் அந்தச் செய்தி இங்கே வந்து சேராது.